ரசீதில் ஒரு தொகை, கணக்கில் வேறொரு தொகை: ஃபிக்சட் டெபாசிட் ஸ்டேட்மெண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் டெபாசிட் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு தக்கலையில். சாயங்காலம் யாராவது ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தால், கல்யாணக் குறியாக இருக்காது, டெபாசிட் ரசீதாகத்தான் இருக்கும்.

2025 நவம்பர் நடுவில் குலசேகரத்திலிருந்து ஒருவர் வந்தார். 57 வயது. பழைய ரப்பர் மரங்களை வெட்டக் கொடுத்த பணத்தையும் சீட்டு விழுந்த பணத்தையும் சேர்த்து 8 லட்சம் ரூபாயை 2023 ஜூலை 1-இல் இரண்டு வருடத்துக்கு, 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தார். கையில் இரண்டு காகிதம்: அன்றைக்குக் கொடுத்த ரசீது ஒன்று, இப்போது எடுத்த ஸ்டேட்மெண்ட் ஒன்று. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அவர் கேட்டவை. இடையிடையே மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன். பைசாவை விட்டுவிட்டேன், ஒவ்வொரு காலாண்டையும் சம நீளமாக எடுத்துக்கொண்டேன். வங்கி நாள் கணக்குப் பார்ப்பதால் உங்கள் காகிதத்தில் சில ரூபாய் முன்பின் இருக்கும். வரி விவரம் 2025-26 நிதியாண்டு வரைக்குமானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண், படிவ எண்ணை எல்லாம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"ரசீதுல 9,19,105 போட்டிருக்கு. ஆனா 9,08,314 தான் இருக்கு. மிச்ச ரூவா எங்க?"

மிச்சம் 10,791 ரூபாய். அதில் 10,299 ரூபாய் அவர் பெயரில் வருமான வரித்துறைக்குப் போயிருக்கிறது. மீதி 492 ரூபாய்தான் உண்மையில் இல்லாமல் போனது. யாரும் எடுக்கவில்லை, அது உருவாகவே இல்லை. எப்படி என்று சொல்கிறேன்.

ரசீதில் அச்சாகும் முதிர்வுத் தொகை ஒரு எளிய கணக்கு. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும், இடையில் யாரும் ஒரு பைசா எடுக்க மாட்டார்கள் என்று வைத்துப் போடுவது:

```
8,00,000 × (1 + 0.07/4)^8 = 9,19,105
```

இதில் வரி வராது. வரி பிடிப்பார்களா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று டெபாசிட் போடும் நாளில் கணினிக்குத் தெரியாது. அதனால் ரசீதுத் தொகையை வாக்குறுதியாக எடுக்காதீர்கள். வரி பிடிக்காவிட்டால் கிடைப்பது என்று படியுங்கள்.

நடந்தது இது. 2023 ஜூலை முதல் 2024 மார்ச் வரை மூன்று காலாண்டு: 14,000, அப்புறம் 14,245, அப்புறம் 14,494. மொத்தம் 42,739 ரூபாய் வட்டி. அந்த வருடம் 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வங்கி வட்டியில் டிடிஎஸ், அதாவது வங்கியே வரியைப் பிடித்துக் கட்டுவதற்கான வரம்பு 40,000. அதைத் தாண்டியதால் 10 சதவீதம், 4,274 ரூபாய் பிடித்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாண்டிய 2,739-க்கு மட்டும் அல்ல, 42,739 முழுவதற்கும் 10 சதவீதம். ஆகவே 2024 ஏப்ரல் 1-இல் டெபாசிட்டில் நின்றது 8,38,465.

அடுத்த நிதியாண்டில் நான்கு காலாண்டும் சேர்த்து வட்டி 60,251. டிடிஎஸ் 6,025. நின்றது 8,92,692. கடைசியாக 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு காலாண்டு வட்டி 15,622. அதில் பிடித்தம் எதுவும் இல்லை. கூட்டினால் 9,08,314.

அந்த 492? வரியாகப் போன 4,274-ம் 6,025-ம் டெபாசிட்டிலேயே இருந்திருந்தால் அவையும் வட்டி ஈட்டியிருக்கும். வெளியே போய்விட்டதால் ஈட்டவில்லை.

"வட்டியை நான் கையில வாங்கவே இல்ல. பிறகு எப்படி வரி பிடிப்பாங்க?"

பத்தில் எட்டுப் பேர் இதில்தான் கோபப்படுகிறார்கள். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சட்டம் இருக்கிற விதம் வேறு. வருமான வரிச் சட்டத்தின் 194ஏ பிரிவுப்படி வட்டியைக் கணக்கில் வரவு வைக்கும்போது, அல்லது கொடுக்கும்போது, இதில் எது முந்தி வருகிறதோ அப்போது வரி பிடிக்க வேண்டும். முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் டெபாசிட்டில் வட்டி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொரு வருடமும் உங்கள் பெயரில் வரவாகிவிடுகிறது. 'கொடுக்க வேண்டிய வட்டி' என்று வங்கி தன் புத்தகத்தில் தனியாக ஒரு கணக்கில் எழுதி வைத்தாலும் சட்டம் அதை உங்களுக்கு வரவு வைத்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

தினமும் மாதமும் கணினி உள்ளுக்குள் போட்டு வைக்கும் வட்டிக்கு அவ்வப்போது பிடிப்பதில்லை. சில வங்கிகள் காலாண்டு தோறும் பிடிக்கும், சில மார்ச் 31-இல் மொத்தமாகப் பிடிக்கும். மேலே உள்ள கணக்கில் மார்ச் 31 என்று வைத்திருக்கிறேன்.

அந்த வரியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதிலும் வேறுபாடு உண்டு. சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தால் அங்கிருந்து எடுக்கிற வங்கி உண்டு. டெபாசிட் வட்டியிலேயே கழிக்கிற வங்கியும் உண்டு. முதல் வகையில் ரசீதுத் தொகை அப்படியே கிடைக்கும், ஆனால் மார்ச் கடைசியில் சேமிப்புக் கணக்கில் 'டிடிஎஸ்' என்று ஒரு பற்று விழுந்திருக்கும். பாஸ்புக்கைப் பதியாமல் வைத்திருப்பவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

"Accrued Interest-னு 7,397 இருக்கு. எங்க மச்சான் செல்போன்ல பாத்தா 22,157 காட்டுது. எது சரி?"

இரண்டும் சரி. தொடக்க நாள்தான் வேறு.

2025 ஜூலை 1-இல் அவருடைய டெபாசிட் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. அதைத் தனியாகச் சொல்கிறேன். புதிய அசல் 9,08,314. வட்டி 6.5 சதவீதம். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வட்டி 14,760 ரூபாய், அக்டோபர் 1-இல் அசலோடு சேர்ந்துவிட்டது. இப்போது நிற்பது 9,23,074. அக்டோபர் 1 முதல் நவம்பர் 15 வரை 45 நாள். அந்த 45 நாளுக்கு:

```
9,23,074 × 6.5% × 45 / 365 = 7,397
```

ஸ்டேட்மெண்ட் சொல்வது, கடைசியாக வட்டி சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஊறியிருக்கும் வட்டியை. செல்போன் செயலி டெபாசிட் தொடங்கிய ஜூலை 1-இலிருந்து எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுகிறது: 14,760-ம் 7,397-ம் சேர்ந்து 22,157.

உங்கள் காகிதம் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி. நடப்பு அசலை வட்டி விகிதத்தால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி கிடைக்கும். இங்கே அது 164 ரூபாய். காகிதத்தில் உள்ள சேர்ந்த வட்டியை அதனால் வகுங்கள். 7,397-ஐ வகுத்தால் 45 வருகிறது, அதாவது 45 நாள் வட்டி. 22,157-ஐ வகுத்தால் 135 வரும். ஜூலை 1-இலிருந்து உண்மையில் 137 நாள். முதல் காலாண்டில் அசல் கொஞ்சம் குறைவாக இருந்ததால் இரண்டு நாள் இடிக்கிறது. அந்தளவு இடித்தால் பரவாயில்லை.

"சேர்ந்த வட்டி 22,157-னா இன்னைக்கு முடிச்சா அது கிடைக்குமா?"

கிடைக்காது. சேர்ந்த வட்டி என்பது டெபாசிட் கடைசிவரை ஓடும் என்ற நம்பிக்கையில் ஒப்பந்த விகிதத்தில் ஊறுவது. இடையில் உடைத்தால் வங்கி பழைய இடத்துக்குப் போய் வேறு விகிதத்தில் திரும்பக் கணக்குப் போடும்.

பணம் எத்தனை நாள் இருந்ததோ அந்த நாள் அளவுக்கு, டெபாசிட் தொடங்கிய தேதியில் இருந்த விகிதத்தை எடுப்பார்கள். அதிலிருந்து அபராதமாக அரையோ ஒன்றோ சதவீதம் கழிப்பார்கள். 137 நாள் டெபாசிட்டுக்கு அன்று 5 சதவீதம், அபராதம் 1 சதவீதம் என்று வைப்போம். மீதி 4 சதவீதம். 9,08,314-க்கு 137 நாளுக்கு 13,637 ரூபாய். காகிதத்தில் இருக்கும் 22,157-க்கும் இதற்கும் 8,520 ரூபாய் வித்தியாசம். கவுண்டரில் இதைச் சொல்லும்போது ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்கள். எத்தனை பேர் என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

"நான் ரினியூ பண்ணச் சொல்லவே இல்லியே. யார் கையெழுத்துப் போட்டா?"

அவர்தான் போட்டிருந்தார், 2023-இல். டெபாசிட் விண்ணப்பத்தில் முதிர்வின்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டம் உண்டு. ஸ்டேட்மெண்டில் அது Maturity Instruction என்று வரும். பெரும்பாலும் மூன்று வகை: அசலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பி, அசலை மட்டும் புதுப்பித்து வட்டியைச் சேமிப்புக் கணக்கில் போடு, மொத்தத்தையும் சேமிப்புக் கணக்கில் போடு. கூட்டமான நாளில் யாரோ எழுதிக்கொடுத்த படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தால், பெரும்பாலும் முதல் வகைதான் டிக் ஆகியிருக்கும். செயலியில் போடும்போதும் பல இடங்களில் முதலில் தேர்வாகி நிற்பது அதுதான்.

புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியது மூன்று. காலம் பழையதே, அவருக்கு மறுபடி இரண்டு வருடம், அதாவது 2027 ஜூலை 1 வரை. விகிதம் பழையதல்ல. புதுப்பிக்கும் நாளில் வங்கியில் உள்ள விகிதம், அதனால்தான் 7 போய் 6.5 வந்தது. அசல், வரி போக மீதி நின்ற தொகை.

ஸ்டேட்மெண்டில் டெபாசிட் தொடங்கிய தேதி மாறியிருந்தால் புதுப்பித்தாகிவிட்டது என்று அர்த்தம். சில வங்கிகளில் டெபாசிட் எண் அதேதான் இருக்கும். கையில் உள்ள பழைய ரசீதும் அதே எண்ணைச் சொல்லும். அதைப் பார்த்து ஒன்றும் மாறவில்லை என்று நினைத்துவிடுவோம். எண்ணைப் பார்க்காதீர்கள், தொடக்கத் தேதியையும் விகிதத்தையும் பாருங்கள்.

"அப்ப ஆட்டோ ரினியூவலே வேண்டாம்னு எழுதிடலாமா?"

பணத்தை எடுக்கப்போகிற தேதி தெரிந்தால் வேண்டாம் என்று எழுதி, சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் புதுப்பித்தல் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

காரணம் இது. எந்த உத்தரவும் இல்லாமல் முதிர்ந்த டெபாசிட் அப்படியே கிடந்தால், 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி அதற்குச் சேமிப்புக் கணக்கு வட்டியும் பழைய ஒப்பந்த வட்டியும் ஒப்பிட்டு, எது குறைவோ அதுதான் கிடைக்கும். குலசேகரத்துக்காரரின் 9,08,314 ரூபாய் அப்படிக் கிடந்திருந்தால், சேமிப்பு வட்டி 2.5 சதவீதம் என்று வைத்து 137 நாளுக்கு 8,523 ரூபாய். புதுப்பித்து, இடையில் உடைத்து, அபராதமும் கட்டினாலே 13,637 வருகிறது. அவர் திட்டிக்கொண்டிருந்த ஆட்டோ ரினியூவல் அவருக்கு ஐயாயிரம் ரூபாய் லாபம்தான்.

புதுப்பித்தலே இல்லாத வகை ஒன்று உண்டு. வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்து வருட டெபாசிட். அதை இடையில் உடைக்கவும் முடியாது, அதே சலுகையோடு தானாகத் தொடரவும் செய்யாது. அதன் முதிர்வு தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

"டிசம்பர் 3 கோட்டாறு திருவிழா லீவு. அன்னைக்குத்தான் டெபாசிட் முடியுது. வட்டி போயிருமா?"

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டத்தில் விடப்படுவது உள்ளூர் விடுமுறை. வழக்கமாக அதை, வங்கி விடுமுறைக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிப்பதில்லை. பள்ளியும் அரசு அலுவலகங்களும் மூடும், வங்கி திறந்திருக்கும். அய்யா வைகுண்டர் அவதார தின விடுமுறையும் இதே வகைதான். கோட்டாறு போகிற வழியில் வங்கிக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம்.

உண்மையிலேயே வங்கி மூடியிருக்கும் நாளில், ஞாயிறிலோ இரண்டாம் நான்காம் சனியிலோ முதிர்ந்தால், அடுத்த வேலை நாளில் பணம் தரும்போது இடைப்பட்ட நாளுக்கும் ஒப்பந்த விகிதத்தில் வட்டி தர வேண்டும். ஸ்டேட்மெண்டில் ஒருநாள் வட்டி கூடுதலாகத் தெரிந்தால் இதுதான் காரணம்.

"இந்த வருஷம் ஜூன்ல வட்டி 15,622 தானே வந்துது. இப்பவும் வரி பிடிக்கப் போறாங்கன்னு சொல்றியளே?"

பிடிக்கக்கூடும். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு 40,000-இலிருந்து 50,000 ஆகியிருக்கிறது. 60 வயது ஆனவர்களுக்கு 50,000-இலிருந்து ஒரு லட்சம். ஆனால் வரம்பு ஒரு டெபாசிட்டுக்கு அல்ல, ஒரு நிதியாண்டில் ஒரு வங்கியில் உங்கள் பெயரில் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து. கிளை மாற்றிப் போட்டாலும், மார்த்தாண்டத்தில் ஒன்று நாகர்கோவிலில் ஒன்று என்று பிரித்தாலும், பான் எண் ஒன்று என்பதால் கணினி கூட்டிவிடும்.

இவருக்கு முதல் டெபாசிட்டின் கடைசிக் காலாண்டு வட்டி 15,622. புதுப்பித்ததில் மார்ச் வரை வரவேண்டியது 45,004. கூட்டினால் 60,626. வரம்பைத் தாண்டுகிறது. டெபாசிட் மார்ச் வரை ஓடினால் 6,063 ரூபாய் பிடிப்பார்கள். சில வங்கிகள் வருடம் முழுவதற்கும் வரப்போகும் வட்டியை முன்கூட்டியே கணித்து, தாண்டும் என்று தெரிந்தால் முதல் காலாண்டிலேயே பிடிக்கத் தொடங்கும். முதிர்வில் மொத்தமாக எடுத்திருந்தால் 15,622-க்கு மேல் வட்டியே இருந்திருக்காது. புதுப்பித்தது வரம்பையும் தாண்ட வைத்தது.

"மாசாமாசம் வட்டி வாங்குற டெபாசிட். ஒரு மாசம் வெறும் 580 ரூவா தான் வந்துது!"

கருங்கல்லிலிருந்து ஒரு அக்கா கேட்டது. 10 லட்சம், 7 சதவீதம், மாத வட்டி. முதலில் 10 லட்சத்துக்கு மாதம் 5,833 வரவேண்டுமே, 5,799 தானே வருகிறது என்றார். காலாண்டு முடிவில் தரவேண்டியதை மாதாமாதம் முன்கூட்டியே தருவதால் வங்கி சற்றுக் குறைத்துத் தருகிறது. அது முறைதான்.

580-க்குக் காரணம் வேறு. அவருடைய வங்கி முன்கூட்டிக் கணிக்கவில்லை. உண்மையில் தாண்டும்வரை காத்திருந்தது. ஒன்பதாம் மாதம், டிசம்பரில், மொத்த வட்டி 52,191 ஆகி 50,000-ஐத் தாண்டியது. முழு 52,191-க்கும் 10 சதவீதம், 5,219 ரூபாய், அந்த ஒரே மாத வட்டியிலிருந்து போனது. மிஞ்சியது 580. அடுத்த மாதம் முதல் 580 பிடித்துவிட்டு மீதியைத் தருவார்கள். அதே தொகை 60 தாண்டிய அவருடைய அம்மா பெயரில் இருந்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. இரண்டு பேர் பெயரில் டெபாசிட் என்றால் வரி முதல் பெயரின் பான் எண்ணில்தான் போகும் என்பதை டெபாசிட் போடும்போதே யோசிக்க வேண்டும்.

"பிடிச்ச ரூவா திரும்பக் கிடைக்குமா?"

உங்கள் மொத்த வருமானத்துக்கு வரி இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து வாங்கலாம். வங்கி திருப்பித் தராது. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வங்கி பிடித்தது எந்த நிதியாண்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஆண்டின் ரிட்டர்னில்தான் கேட்க வேண்டும். கையில் பணம் வந்த ஆண்டில் மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் சிக்கல்.

குலசேகரத்துக்காரர் ரிட்டர்னே போட்டதில்லை. 2023-24-இல் பிடித்த 4,274-ஐக் கேட்க கடைசி நாள் 2025 ஜனவரி 15. போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி வரித்துறைக்கு மனுப் போடும் வழி இருக்கிறது, அதற்கு நல்ல காரணம் வேண்டும். 2024-25-இன் 6,025-க்கு 2025 டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. மறுநாளே ஆடிட்டரைப் பார்க்கச் சொன்னேன்.

20 சதவீதம் பிடித்திருந்தால் பான் எண் வங்கியில் பதியவில்லை, அல்லது ஆதாருடன் இணைக்காததால் செயலிழந்திருக்கிறது.

"பிடிக்காம இருக்க என்ன எழுதிக் கொடுக்கணும்?"

60-க்குக் கீழே 15ஜி, 60 முதல் 15எச். இரண்டும் எனக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்ற உறுதிமொழி, அதனால் உண்மையில் அப்படி இருப்பவர் மட்டும் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மட்டுமே செல்லும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். புதுப்பித்தல் தானாக நடக்கும், 15ஜி தானாக நடக்காது.

என் மாமியாருக்கு நானே ஒருமுறை ஜூலையில்தான் கொடுத்தேன். வங்கிக்காரன் வீட்டிலேயே இந்த லட்சணம். முதல் காலாண்டுப் பிடித்தம் அதற்குள் போயிருந்தது. அடுத்த வருடம் ரிட்டர்னில்தான் திரும்ப வந்தது.

"மகன் துபாய்ல இருக்கான். அவன் டெபாசிட்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வரி போகுதே?"

அது என்ஆர்ஓ டெபாசிட், வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் கிடைக்கும் பணத்தைப் போட்டு வைப்பது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதில் வரம்பு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்ந்து 31.2 பிடிப்பார்கள். 15ஜி கொடுக்க முடியாது. அவர் அங்கிருந்து அனுப்பும் சம்பளத்தை என்ஆர்இ டெபாசிட்டில் போட்டால் வட்டிக்கு இங்கே வரியே இல்லை. வெளிநாடு போன பிறகும் பழைய சாதாரணக் கணக்கிலேயே டெபாசிட் போட்டு 15ஜி கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. அது பொய் உறுதிமொழி ஆகிவிடும். முதலில் கணக்கை மாற்றுங்கள்.

"சரி, தை மாசம் மகளுக்குக் கல்யாணம். இப்ப உடைக்கவா, அப்புறம் உடைக்கவா?"

குலசேகரத்துக்காரர் கடைசியாகக் கேட்டது இதுதான். அவசரத்தில் நவம்பரிலேயே உடைத்துச் சேமிப்புக் கணக்கில் வைத்துவிடலாம் என்று வந்திருந்தார். வேண்டாம் என்றேன்.

பல வங்கிகளின் வட்டி அட்டவணையில் 180 நாள் ஒரு எல்லை. அதற்குக் கீழே ஒரு விகிதம், தொட்டால் அடுத்த விகிதம். ஜூலை 1-இலிருந்து 180 நாள் முடிவது டிசம்பர் 28. அவருடைய வங்கியில் ஜூலை 1-இன் அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். அதில் 180 நாளுக்கு 5.8 சதவீதம். அபராதம் போக 4.8. ஏறத்தாழ 21,500 ரூபாய். டிசம்பர் 27-இல் உடைத்தால் பழைய 4 சதவீதத்தில் 17,800 சொச்சம்தான். ஒரு நாளில் ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு ரூபாய் வித்தியாசம். ஜனவரியில் உடைத்தால் அந்த வருட வட்டி மொத்தமும் ஏறத்தாழ 40,000-இல் நிற்கும், டிடிஎஸ் வரம்பையும் தொடாது. அவருடைய வங்கி அதுவரை எதுவும் பிடித்திருக்கவில்லை.

இன்னொரு வழியும் சொன்னேன். தேவை நான்கு லட்சம், அடுத்த சீட்டு ஏப்ரலில் விழும் என்றார். டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் வாங்கலாம். டெபாசிட் விகிதத்தைவிட 1 சதவீதம் கூடுதல் என்றால் 7.5. மூன்று மாதத்துக்கு 7,500 ரூபாய் வட்டி, டெபாசிட் 6.5-இல் ஓடிக்கொண்டே இருக்கும். கடன் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. கல்யாண வீட்டில் கடன் வேண்டாம் என்று, டிசம்பர் 28 தாண்டி உடைப்பதாகச் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிளம்பும்போது ரசீதின் பின்பக்கத்தில் அந்தத் தேதியை என்னையே எழுதித் தரச் சொன்னார்.